கோகலின் ஈ வாக்கியம்: 80 சொல், ஒரே முற்றுப்புள்ளி. ஆங்கிலத்தில் எங்கே வெட்டுவது?

கயல்_ஆர்

வணக்கம். ரஷ்ய மொழி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. இலக்கிய மொழிபெயர்ப்புத் தாளுக்கு கோகலின் ‘மரித்த ஆன்மாக்கள்’ (1842) முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தி கொடுத்திருக்கிறார்கள். ரஷ்யனிலிருந்து ஆங்கிலத்துக்கு.

கவர்னர் வீட்டு நடன விருந்து. நாயகன் சிச்சிக்கவ் கூடத்துக்குள் நுழைகிறான், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண் கூசுகிறது. ஆண்களின் கறுப்பு ‘ஃப்ராக்’குகள் அங்கும் இங்கும் பறக்கின்றன. எப்படி? ஜூலை வெயிலில் திறந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு கிழவி சர்க்கரையை உடைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் சுற்றி நின்று சுத்தியல் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்க, ஈக்கள் படைபடையாக உள்ளே வந்து, கிழவிக்குக் கண் மங்கல், வெயில் வேறு கூசுகிறது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு சர்க்கரைத் துண்டுகளின் மேல் அப்புகின்றனவே, அப்படி. இதெல்லாம் ஒரே வாக்கியம். எண்ணிப் பார்த்தேன், ஏறக்குறைய 80 சொல். அடுத்த வாக்கியமும் இதே நீளம்தான்.

நான் ஆறு ஆங்கில வாக்கியங்களாகப் பிரித்தேன். ஆசிரியர் ஓரத்தில் ‘தகவல் இருக்கிறது, ஈ இல்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டார். கிழவியின் கண் மங்கலைச் சொல்லும் ‘பொத்ஸ்லெபோவாத்தொஸ்தியு’ என்ற சொல்லுக்கு அகராதியில் கிடைத்த ‘பர்ப்ளைண்ட்னெஸ்’ஸைப் போட்டேன், அதற்குக் கீழும் சிவப்புக்கோடு. பழைய சொல்லுக்குப் பழைய ஆங்கிலச் சொல் போட்டது எப்படித் தப்பாகும்? வாக்கியத்தை எங்கே வெட்டலாம், எங்கே கூடாது?

நூலகத்துப்பூனை

ஆகா, ரஷ்ய இலக்கியம்! மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்கள் எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருந்தன. தமிழில் இதைச் செய்யும்போது ‘ஈக்கூட்டம் மொய்ப்பது போல’ என்று முடித்துவிடுங்கள். நம் வாசகருக்கு அது போதும். ஈ மொய்ப்பதை நாம் பார்க்காததா?

கயல்_ஆர்

ஐயா, தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் செய்ய வேண்டும் :)

மதுரைக்காரன்77

என் அபிப்பிராயம்: 1842 நூல் என்றால் 1842 ஆங்கிலத்தில்தான் வர வேண்டும். அதே காலத்து ஆங்கில நாவல்கள் நாலைந்தைப் படித்து அந்த நடையைப் பிடியுங்கள். ‘ஒய்ல்ஸ்ட்’, ‘அப்பான்’, ‘பர்ப்ளைண்ட்’ எல்லாம் தாராளமாக வரட்டும். நீள வாக்கியம் அந்தக்கால ஆங்கிலத்திலும் சகஜம், ஆகவே அந்தப் பிரச்சினையும் தானாகத் தீரும். உங்கள் ஆசிரியர்தான் தப்பு.

ஒற்றைப்பனை

மதுரைக்காரன் சொல்வதில் பாதி சரி. நீள வாக்கியத்துக்கு அந்தக்கால ஆங்கிலத்தில் பழகுவது நல்ல பயிற்சி. அரைப்புள்ளியை எப்படி நம்பி நடக்கலாம் என்று அங்கேதான் தெரியும். சொல் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

கயல், ஒவ்வொரு பழைய சொல்லிடமும் ‘நீ யாருக்குப் பழசு?’ என்று கேளுங்கள். உங்கள் சிவப்புக்கோட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் அடி ‘பொத்ஸ்லெபோவாத்திய்’, மங்கல் பார்வை உள்ள என்று பொருள். இன்றைக்கும் ரஷ்யர்கள் தாத்தா பாட்டியைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்கிற சொல். பழசாகிப்போனது அதன் வால் மட்டும்தான். இன்று ‘-ஸ்த்யு’ என்று சுருங்கிவிட்ட வேற்றுமை உருபு அங்கே ‘-ஸ்தியு’ என்று நீண்டிருக்கிறது. ‘வஷேத்ஷி’ (நுழைந்து), ‘ப்ரத்யனூவ்ஷி’ (நீட்டி) போன்ற எச்சங்களும் அப்படியே. இன்று குறுகிவிட்டன, 1842இல் எழுத்தில் சர்வசாதாரணம். இந்த வால் பழசை ஆங்கிலத்தில் கொண்டுவர வழியே கிடையாது, கொண்டுவரவும் வேண்டாம். வாலுக்கு ஈடுகட்டுகிறேன் என்று சொல்லையே தூசி படிந்ததாக மாற்றினால், கோகல் போடாத மூக்குக்கண்ணாடியைக் கிழவிக்கு நீங்கள் மாட்டிவிடுகிறீர்கள். ‘வீக் ஐஸ்’ போதும்.

எழுதியவருக்கே பழசாக இருந்த சொற்கள் வேறு வகை. ‘சேய்’, ‘ஓனி’ என்று இரண்டு சுட்டுச்சொற்கள் உண்டு, ‘இந்த’, ‘அந்த மேற்படி’ மாதிரி. 1830களிலேயே பத்திரிகையாசிரியர் சென்கோவ்ஸ்கி அவற்றைக் கேலி செய்து ஒரு போரே நடத்தினார். ஆகவே 1842இல் ஒருவர் ‘ஓனி’ என்று எழுதினால் அது பெரும்பாலும் சர்க்கார் கச்சேரி வாடை வரட்டும் என்றே எழுதியது. அங்கே ஆங்கிலத்திலும் பழைய அலுவலகச் சொல்லைப் போட்டே ஆக வேண்டும். உங்கள் பத்தியில் அது வரவில்லை, அடுத்த பத்திகளில் வரலாம்.

தேவி_பத்திரம்

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் பழைய கிரயப் பத்திரங்களைக் கோர்ட்டுக்காக ஆங்கிலத்தில் மாற்றித் தருகிற வேலை செய்கிறேன். ‘௸ நபர்’, ‘மேற்படி சொத்து’ என்று வரிக்கு நாலு வரும். ஒருமுறை படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எல்லா ‘மேற்படி’யையும் எடுத்துவிட்டேன். எந்தச் சொத்து எந்தச் சொத்து என்று வக்கீலுக்கே குழம்பி, மறுபடி முழுசாக அடிக்க வேண்டியதாயிற்று. எங்களுக்கு வாக்கியம் உடைக்கவே அனுமதி இல்லை. ஒரே வாக்கியம் மூன்று பக்கம் போகும். நாவலில் யார் கேட்கப் போகிறார்கள்? உடைத்தால் என்ன?

செல்வா_டொராண்டோ

நான் ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றில் பிரதி திருத்துகிறவன். ரஷ்யன் தெரியாது. இன்றைய ஆங்கில வாசகர் 80 சொல்லை ஒரே மூச்சில் படிக்கமாட்டார், மூன்றாவது காற்புள்ளியில் எழுவாயைத் தொலைத்துவிடுவார். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் பக்கத்தில் இருந்தால்தான் பொருள் நிற்கும். கயல், உங்கள் ஆறு வாக்கியத்தில் சிக்கலான ஒன்றைப் போடுங்கள், பார்ப்போம்.

கயல்_ஆர்

நாலாவது வாக்கியம். தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், மன்னிக்கவும்: ‘டேக்கிங் அட்வான்டேஜ் ஆஃப் தி ஓல்ட் உமன்ஸ் பர்ப்ளைண்ட்னெஸ் அண்ட் த சன் பாதரிங் ஹர் ஐஸ், த பீசஸ் ஆர் கவர்ட் பை ஃப்ளைஸ்.’

செல்வா_டொராண்டோ

இதோ. இந்த வாக்கியத்தில் கிழவியின் கண் மங்கலைச் சாக்காக வைத்துக்கொள்வது யார்? சர்க்கரைத் துண்டுகள்! ‘டேக்கிங்’ என்று தொடங்கினால் அடுத்து வரும் எழுவாய்தான் அதைச் செய்கிறது. நீங்கள் செயப்பாட்டுவினைக்குப் போனதால் எழுவாய் சர்க்கரையாகிவிட்டது. ஈ எங்கோ கடைசியில் தொங்குகிறது. இதை என் மேசையில் எந்தப் பிரதியிலும் விடமாட்டேன்.

ஒற்றைப்பனை

செல்வா சரியாகப் பிடித்தார். ‘ஈ இல்லை’ என்று உங்கள் ஆசிரியர் எழுதியதற்கும் இதே இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இது ஏன் நடக்கிறதென்றால், ரஷ்யனில் எச்சத்துக்கும் பெயருக்கும் இடையே உருபு கயிறு கட்டியிருக்கும். ‘சோன்த்ஸெம், பெஸ்பகோயஷிம்’: சூரியனின் உருபு எதுவோ, கூசச்செய்கிற என்பதன் உருபும் அதுவே. பத்துச் சொல் தள்ளி இருந்தாலும் கயிறு அறுபடாது. ஆங்கிலத்தில் கயிறு கிடையாது, பக்கத்தில் உட்காருவதுதான் உறவு. தமிழிலும் ‘கண்ணைக் கூசவைக்கிற வெயில்’ என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுகிறோம், தொல்லையில்லை. நீள வாக்கியம் ரஷ்யனில் நடப்பதற்கும் ஆங்கிலத்தில் இடறுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான்.

அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். காகிதத்தில் முற்றுவினைகளை மட்டும் வட்டமிடுங்கள். மினுங்கின, பறந்தன (ஃப்ராக்குகள்). பறக்கின்றன (ஈக்கள்). உடைக்கிறாள், பிரிக்கிறாள் (கிழவி). பார்க்கிறார்கள் (பிள்ளைகள்). நுழைகின்றன, தூவிநிறைக்கின்றன (மறுபடி ஈக்கள்). மொத்தம் எட்டு. எண்பது சொல் என்றதும் மலையாகத் தெரிந்தது, எட்டு வினை என்றதும் படிக்கட்டாகிவிட்டது இல்லையா? மிச்சமெல்லாம் இந்த எட்டில் ஏதோ ஒன்றின் மேல் தொங்குகிற எச்சங்கள். எது எதன் மேல் தொங்குகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அந்த அம்புக்குறி ஆங்கிலத்தில் தாண்டிப்போகிற தூரத்தைக் குறைப்பதுதான் உங்கள் வேலை. வாக்கியத்தைக் குறைப்பது அல்ல.

அடுத்தது, ‘ஜன்னல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் கோகல் ஒரு அரைப்புள்ளி வைத்திருக்கிறார், பார்த்தீர்களா? அதுவரை எல்லாம் ‘எப்போது’, ‘எப்படி’ என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தது. அரைப்புள்ளிக்குப் பிறகு பிள்ளைகள் யாருக்கும் அடங்காமல் தனியாக நிற்கிறார்கள். உவமை தன் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்புகிற இடம் அது. அந்த அரைப்புள்ளியை அப்படியே வைத்தால் ஆங்கில வாசகருக்கும் ஓரிடத்தில் மூச்சு கிடைக்கும், கோகலும் கெடமாட்டார். பிள்ளைகளை ‘வைல்’ போட்டு மறுபடி கட்டிவைக்காதீர்கள்.

செல்வா_டொராண்டோ

அரைப்புள்ளிக்குச் சம்மதம். இருந்தாலும் முற்றுப்புள்ளி வைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று இன்னும் புரியவில்லை.

ஒற்றைப்பனை

ஹோமர். ‘இலியத்’தில் கிரேக்கப் படை திரள்வதற்கு, வசந்த காலத்தில் ஆட்டுப்பட்டியில் பால் பாத்திரங்களைச் சுற்றி ஈ மொய்ப்பது உவமை. அந்த மாதிரி உவமை வளர்ந்துகொண்டே போய், படையை மறக்கவைத்துவிட்டுத் திரும்பும். கோகல் இந்த நூலுக்கு ‘பொயேமா’, காவியம், என்று பெயர் வைத்தவர். ஹோமரின் படைக்கு வந்த ஈயை மாகாண குமாஸ்தாக்களின் நடன விருந்துக்கு அழைத்து வருகிறார். சிரிப்பே அதில்தான். வாசகர் கூடத்தை மறந்து சமையலறைக்குள் நிற்க வேண்டும், நடுவில் யாரும் எழுப்பக் கூடாது. முற்றுப்புள்ளி எழுப்பிவிடும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று காலம். கூடத்தில் எல்லாம் இறந்தகாலம். உவமைக்குள் போனதும் நிகழ்காலம்: உடைக்கிறாள், பார்க்கிறார்கள், நுழைகின்றன. அடுத்த வாக்கியத்தில் திடீரென்று ‘அவை உள்ளே வந்தது தின்பதற்கே அல்ல, தங்களைக் காட்டிக்கொள்ள மட்டுமே’ என்று வருகிறது. அங்கே ‘விலெத்தேலி’, வந்தன, இறந்தகாலம். இப்போது ‘அவை’ யார்? ஈக்களா, கூடத்து ஆண்களா? தங்களைக் காட்டிக்கொள்ள, முன்னும் பின்னும் நடைபோட, கால்களைத் தேய்க்க, திரும்பிப் பறந்துபோக, மறுபடி வர... ஈ மாதிரியும் இருக்கிறது, விருந்துக்கு வந்த மைனர் மாதிரியும் இருக்கிறது. ‘இலக்கணம் ஒத்துப்போகட்டும்’ என்று ஆங்கிலத்தில் அங்கேயும் நிகழ்காலம் போட்டால் அவை வெறும் ஈக்கள்தான். கயல், நீங்கள் என்ன போட்டீர்கள்?

கயல்_ஆர்

நிகழ்காலம். ‘தே ஃப்ளை இன்’. ஐயோ. கோகல் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து நான் ‘திருத்தினேன்’.

மதுரைக்காரன்77

சரி, ஒப்புக்கொள்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. சொற்களை மட்டும் விடமாட்டேன். ‘ஃப்ராக்’ என்பதற்கு ‘ஃப்ராக் கோட்’ என்றுதானே போட வேண்டும்? அதிலாவது பழைய ஆங்கிலம் வேண்டுமா இல்லையா? அப்புறம் அந்தக் கிழவி ‘க்ளூச்னித்ஸா’. ‘க்ளூச்’ என்றால் சாவி. ஆங்கிலத்தில் ‘ஷாட்டலேன்’ என்று அழகான பழைய சொல் இருக்கிறது, சாவிக்கொத்தோடு.

ஒற்றைப்பனை

இரண்டுமே குழி. ரஷ்ய ‘ஃப்ராக்’ வால் வைத்த விருந்து உடுப்பு, ஆங்கிலத்தில் ‘டெயில்கோட்’. ஆங்கில ‘ஃப்ராக் கோட்’ முழங்கால் வரை சுற்றிலும் ஒரே நீளமாக வரும். அதற்கு ரஷ்யனில் ‘சுர்தூக்’ என்று வேறு பெயர். ஓசை ஒன்றாக இருப்பதால் பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். அதோடு, ஈயின் முதுகில் மடிந்திருக்கும் இறக்கையைப் பாருங்கள். வால்கோட்டு போட்ட ஆள் மாதிரி இருக்காது? கோகல் அதை நினைத்தாரா என்று சத்தியம் செய்யமாட்டேன், ஃப்ராக் கோட்டு போட்டால் நிச்சயம் போய்விடும்.

‘ஷாட்டலேன்’ மாளிகையின் எஜமானி. இவள் நிலவறை, சாமான் அறைச் சாவியை வைத்திருக்கிற வேலைக்காரி. ‘ஓல்ட் ஹவுஸ்கீப்பர்’ என்பதே நெருக்கம். ஆங்கில மாளிகை ஹவுஸ்கீப்பர் பட்டுடுத்தி அதிகாரம் செய்கிறவள் என்ற படம் வரலாம், ஆனால் அடுத்த வரியில் ‘காய்த்துப்போன கைகள்’ வருகிறதே, அது திருத்திவிடும். இப்படிப்பட்ட சொற்களுக்கு விளாதிமிர் தாலின் அகராதியைப் பாருங்கள். 1860களில் நாலு பாகமாக வந்தது, அவரும் கோகலின் காலத்து ஆள். அப்புறம் ரஷ்யத் தேசிய மொழித் தரவகமான ruscorpora.ru போய், ஆண்டு வரம்பை 1830 முதல் 1850 வரை வைத்துத் தேடுங்கள். அந்தச் சொல் அப்போது எந்த வாயில், எந்தச் சாமானுக்கு வந்தது என்று பத்து வாக்கியம் படித்தாலே புரிந்துவிடும். இருமொழி அகராதியை மட்டும் நம்பினால் ‘பர்ப்ளைண்ட்’தான் கிடைக்கும்.

‘ரஃபினாத்’தையும் பார்த்துவிடுங்கள். இன்றைய ரஷ்யருக்கு அது டப்பாவில் வரும் கட்டிச் சர்க்கரை. கட்டிச் சர்க்கரையை யாராவது சுத்தியலால் உடைப்பார்களா? அப்போது அது கூம்பு கூம்பாக வரும், நாம் பனங்கருப்பட்டியை உடைக்கிற மாதிரி உடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஷுகர்லோஃப்’ என்று போட்டால் சுத்தியலுக்கு வேலை இருப்பது தெரியும். பழைய சொல்தான், ஆனால் பழைய பொருளின் பெயர். அதைத் தயங்காமல் போடலாம்.

நூலகத்துப்பூனை

கருப்பட்டி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆத்தா உடைக்கும்போது நாங்களும் சுற்றித்தான் நிற்போம். தெறித்து விழுவது யாருக்கு என்று சண்டை. அந்தப் பிள்ளைகள் சுத்தியலை மட்டுமா பார்த்தார்கள்?

ஒற்றைப்பனை

:) சுத்தியலைத்தான் என்று கோகல் சொல்கிறார், நாம் நம்ப வேண்டியதில்லை.

செல்வா_டொராண்டோ

ஒரு சந்தேகம். இணையத்தில் கிடைத்த ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்றில் ஈக்களை ‘ஏரியல் ஸ்குவாட்ரன்ஸ்’ என்று பார்த்தேன். படித்ததும் எனக்குப் போர் விமானம்தான் தெரிந்தது. 1842இல் விமானம் ஏது?

ஒற்றைப்பனை

அருமையாகப் பிடித்தீர்கள், ரஷ்யன் தெரியாதவர் கண்ணில்தான் இது படும். ரஷ்யனில் ‘எஸ்கத்ரோன்’ குதிரைப்படைப் பிரிவு. விமானப் பிரிவுக்கு ‘எஸ்கத்ரீல்யா’ என்று தனிச்சொல் பின்னால் வந்தது. ஆகவே ரஷ்ய வாசகருக்கு ‘காற்றில் வரும் எஸ்கத்ரோன்’ என்றால் இன்றைக்கும் குதிரைதான் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், கூடவே ‘ஏரியல்’ சேர்ந்தால் பிரொப்பெல்லர் சத்தமே கேட்கும். மொழிபெயர்ப்பாளர் தப்பாக எதுவும் எழுதவில்லை, சொல்தான் பின்னால் இடம்மாறிப் போய்விட்டது.

‘ஏரியல்’ இடத்தில் காற்றுபோன்ற என்று பொருள்படும் ஆங்கில ‘ஏரி’யைப் போடலாம், ‘கேவல்ரி’ சேர்க்கலாம். சேர்த்தால் கோகல் சொல்லாததை விளக்கியதாகிறது. நான் ‘லைட் ஸ்குவாட்ரன்ஸ்’ என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இலகு குதிரைப்படை ஞாபகம் வரும், ஆனால் அடுத்த சொல்லிலேயே ‘லேசான காற்று’ வருவதால் ஒரே ‘லைட்’ இரண்டு தடவை முட்டுகிறது. இன்னும் திருப்தியில்லை.

கயல்_ஆர்

‘முழு எஜமானர்களைப் போல’ என்பதையும் கேட்டுவிடுகிறேன். ஈ ரஷ்யனில் பெண்பால், ஆனால் ‘ஹஸ்யாயெவா’ ஆண்பால். எஸ்கத்ரோன் ஆண்பால் என்பதால் வந்ததா, கறுப்புக் கோட்டு ஆண்களைக் கிண்டல் செய்ய வந்ததா?

ஒற்றைப்பனை

இலக்கணத்தால் வந்தது. ஆனால் வந்த பிறகு கிண்டலும் செய்கிறது. ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்ஸ்’ என்றால் விறைப்பாக இருக்கும். ‘ஆஸ் இஃப் தே ஓன்ட் த ப்ளேஸ்’ இயல்பாக நிற்கும், ஆண்பால் போய்விடும். நான் அந்த இழப்பை ஏற்பேன்.

அதைவிட ஒரு சொல்லைக் காப்பாற்றுங்கள்: ‘கூச்சா’, குவியல். ஃப்ராக்குகள் ‘குவியல்களாக’, ஈக்கள் ‘அடர்ந்த குவியல்களாக’, சர்க்கரையும் ‘குவியல்’. மூன்று இடத்திலும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மனிதருக்கு ‘க்ரூப்ஸ்’, ஈக்கு ‘ஸ்வார்ம்ஸ்’, சர்க்கரைக்கு ‘ஹீப்’ என்று அழகாக மாற்றினால் மனிதரும் ஈயும் பிரிந்துவிடுவார்கள்.

செல்வா_டொராண்டோ

மனிதர்கள் ‘இன் ஹீப்ஸ்’ பறந்தார்கள் என்றா? ஆங்கிலத்தில் ஹீப் அசையாமல் கிடக்கும். பறக்காது. நான் கோடு போடுவேன்.

ஒற்றைப்பனை

போடுங்கள். நான் ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன்.

கயல்_ஆர்

இன்று மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வாக்கியம் ஒன்றாகவே இருக்கிறது, நடுவில் கோகலின் அரைப்புள்ளி. ‘டேக்கிங் அட்வான்டேஜ்’ ஈக்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது, வினையும் செய்வினை. இரண்டாவது வாக்கியத்தில் இறந்தகாலம். அதில் ‘காட்ட, நடக்க, தேய்க்க, சொறிய’ என்று எட்டு எச்சம் வரிசையாக வருகிறது. முதல் மூன்றுக்கு ‘டு’ போட்டு, மிச்சத்துக்கு விட்டுவிட்டேன். உரக்கப் படித்தபோது ஈ கால் தேய்க்கிற வேகம் வந்தது. டெயில்கோட், ஷுகர்லோஃப், வீக் ஐஸ்.

‘ஹீப்ஸ்’ ஈக்கும் சர்க்கரைக்கும் வைத்தேன். மனிதருக்கு ‘க்ளஸ்டர்ஸ்’ என்று எழுதி, அடித்து, ‘ஹீப்ஸ்’ என்று எழுதி, மறுபடி அடித்து... கடைசியில் ‘க்ளஸ்டர்ஸ்’தான் போயிருக்கிறது. ஸ்குவாட்ரனுக்கு முன்னால் ‘ஏரி’.

செல்வா_டொராண்டோ

‘ஏரி’ என்றால் இங்கே வாசகர்கள் காற்றோட்டமான வீடு என்று நினைப்பார்கள். ஆனாலும் பிரொப்பெல்லர் நின்றுவிட்டது.

ஒற்றைப்பனை

‘க்ளஸ்டர்ஸ்’ வருத்தமாக இருக்கிறது. தாள் திரும்பி வந்ததும் ஆசிரியர் எந்த இடத்தில் கோடு போட்டார் என்று எழுதுங்கள்.